12 மணி நேரக் காவல், ஒரே சம்பளம்: ஓவர்டைம் பணம் எங்கே போகிறது?

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் ஒரு மசோதா நிறைவேறியது. தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழி செய்யும் மசோதா அது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. பிறகு 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, "இனி 12 மணி நேர வேலை சட்டமாகிவிட்டதா?" என்ற கேள்வி மறுபடியும் கிளம்பியது.

இந்த இரண்டு விவாதங்களிலும் பேசப்படாமல் போனவர்கள் காவலாளிகள். சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடிக் குடியிருப்பு, மருத்துவமனை, ஏடிஎம், கிடங்கு என எந்த வாசலை எடுத்துக்கொண்டாலும், செக்யூரிட்டி பணி என்றாலே காலை 8 முதல் இரவு 8 வரை, இரவு 8 முதல் காலை 8 வரை என்பதே பல ஆண்டுகளாக வழக்கம். சம்பளத்தைக் கேட்டால் "மாதம் இவ்வளவு, ஓவர்டைம் எல்லாம் அதிலேயே அடக்கம்" என்று பதில் வரும். அந்த ஒற்றைத் தொகைக்குள் என்ன அடங்கியிருக்கிறது, சட்டப்படி என்ன அடங்கியிருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறோம். தமிழ்நாட்டில் தனியார் செக்யூரிட்டி ஏஜென்சி மூலம் வேலை செய்யும் காவலாளியைப் பற்றியது இக்கட்டுரை. ஒரு வீட்டுக்காரர் தாமே நேரடியாக வைத்துக்கொள்ளும் வாட்ச்மேனுக்குச் சட்ட நிலை வேறு.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று அளவுகள்

வேலை நேரத்தைப் பற்றிய எந்த வாதத்திலும் மூன்று வெவ்வேறு அளவுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. குழப்பத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

1. இயல்பு வேலை நேரம். அடிப்படைச் சம்பளம் இந்த நேரத்துக்குத்தான் பேசப்படுகிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்படி இது நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பும் நாளுக்கு 8 மணி நேரம் என்றே சொல்கிறது. வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது.

2. ஓவர்டைம். இயல்பு நேரத்தைத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் வழக்கமான விகிதத்தைப் போல இரண்டு மடங்கு தர வேண்டும். கடைகள் சட்டமும் 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்பும் இதில் ஒத்துப்போகின்றன. ஒன்றரை மடங்கு, "எக்ஸ்ட்ரா டியூட்டிக்கு ஒரு மடங்கு" என்பவை எல்லாம் ஏஜென்சிகள் தாமாக வகுத்துக்கொண்டவை, சட்டத்தில் இல்லை.

3. உச்சவரம்பு. இரட்டைச் சம்பளம் தருகிறேன் என்று சொன்னாலும் அதற்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற எல்லை. கடைகள் சட்டத்தில் இது ஓவர்டைமையும் சேர்த்து நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம்.

ஆறு நாள், நாளுக்கு 12 மணி நேரம் என்றால் வாரத்துக்கு 72 மணி நேரம் ஆகிறது. அதாவது இயல்பு நேரத்தைவிட 24 மணி நேரம் அதிகம். உச்சவரம்பைவிட 18 மணி நேரம் அதிகம். ஏழு நாளும் வேலை என்றால் 84. ஆக, காவலாளியின் வழக்கமான ஒரு வாரம் இரண்டு கோடுகளையும் தாண்டிச் செல்கிறது. முதல் கோட்டைத் தாண்டினால் பணம் தர வேண்டும். இரண்டாவது கோட்டைத் தாண்டினால் அது விதிமீறல். புதிய தொகுப்புகள் வந்ததால் நாளுக்கு 12 மணி நேரம் இயல்பு நேரமாகிவிட்டது என்று நினைப்பது தவறு. அந்த 8 அப்படியே இருக்கிறது. இன்னும் ஒன்று, தொழிலாளியின் சம்மதம் இருந்தால்தான் ஓவர்டைம் வாங்கலாம் என்பதும் இப்போது எழுத்தில் இருக்கிறது.

ஒரு 12 மணி நேர டியூட்டி, இரண்டு நாள் சம்பளம்

கணக்கு எளிதாக இருக்க, ஒரு காவலாளியின் குறைந்தபட்ச ஊதியம், பஞ்சப்படி உட்பட, மாதம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான தொகை அரசாணையைப் பொறுத்தும் பகுதியைப் பொறுத்தும் மாறும். இங்கே கணக்கின் முறைதான் முக்கியம். மாத ஊதியத்தை 26 வேலை நாட்களால் வகுப்பது வழக்கம், மீதி நான்கு நாட்கள் வார ஓய்வு.

1. ஒரு நாள் சம்பளம்: 13,000 ÷ 26 = 500 ரூபாய்.
2. ஒரு மணி நேரத்துக்கு: 500 ÷ 8 = 62 ரூபாய் 50 காசு.
3. ஓவர்டைம் மணிக்கு: 62.50 × 2 = 125 ரூபாய்.
4. 12 மணி நேர டியூட்டியில் முதல் 8 மணி நேரத்துக்கு 500, அடுத்த 4 மணி நேரத்துக்கு 4 × 125 = 500. மொத்தம் 1,000 ரூபாய்.

நான்காவது வரியில் நின்று யோசித்துப் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்யும் நான்கு மணி நேரம் இரட்டை விகிதத்தில் எட்டு மணி நேரத்துக்குச் சமம். எனவே ஒரு 12 மணி நேர டியூட்டிக்குச் சட்டப்படியான கூலி சரியாக இரண்டு நாள் கூலி. அடிப்படைச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. கால்குலேட்டர் இல்லாமல், சம்பள ரசீது இல்லாமல்கூட ஒரு காவலாளி இதைச் சரிபார்த்துவிடலாம்: எட்டு மணி நேர வேலைக்கு மாதம் எவ்வளவோ, 12 மணி நேர வேலைக்கு அதன் இரட்டிப்பு.

சில ஏஜென்சிகள் பழைய குறைந்தபட்ச ஊதிய விதிகளைக் காட்டி, நாள் அளவு 9 மணி நேரம் என்று வாதிடுவதுண்டு. வார அளவான 48ஐ அதே விதி தொட முடியாது என்பதால் ஆறு நாள் வேலை செய்பவருக்கு விடை மாறாது. 72இல் 48 போக 24 மணி நேரம் ஓவர்டைம்; நாளுக்கு நான்கு என்பதும் அதுதான்.

18,000 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம்

இப்போது வாசலில் நிற்பவரின் நிலைமைக்கு வருவோம். ஏஜென்சி அவருக்குப் பேசியிருப்பது மாதம் 18,000 ரூபாய். தினம் 12 மணி நேரம், மாதம் முழுவதும். வாரவிடுமுறை கிடையாது, ஒரு நாள் வராவிட்டால் 600 ரூபாய் பிடித்தம். இந்தப் பிடித்தத் தொகைதான் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறது. 18,000ஐ 30ஆல் வகுத்தால் 600. அதை 12ஆல் வகுத்தால் மணிக்கு 50 ரூபாய்.

மேலே பார்த்த எடுத்துக்காட்டின்படி குறைந்தபட்ச ஊதியமே மணிக்கு 62.50. ஆக, இவருக்கு ஓவர்டைம் இரட்டிப்பாகக் கிடைக்கவில்லை என்பதோடு நிற்கவில்லை. ஒற்றை விகிதம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. பார்வைக்கு 18,000 என்பது 13,000ஐவிட அதிகம் என்பதால், குறைந்தபட்ச ஊதியத்துக்கு மேல் கொடுப்பதாக ஏஜென்சி சொல்லும்; கேட்பவரும் நம்பிவிடுவார். நேரத்தைக் கணக்கில் சேர்த்தவுடன் அந்தத் தோற்றம் கலைந்துவிடுகிறது.

அவருக்குச் சேர வேண்டியது எவ்வளவு? 26 நாள் டியூட்டிக்கு 26,000 ரூபாய். மீதி நான்கு ஓய்வு நாட்களிலும் வேலை செய்திருக்கிறார். வாரத்தின் 48 மணி நேரம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதால் அந்த நாட்களின் 12 மணி நேரமும் ஓவர்டைம்தான்: 12 × 125 = 1,500, நான்கு நாளுக்கு 6,000. மொத்தம் 32,000. கையில் வந்தது 18,000. மாதம் 14,000 ரூபாய் குறைகிறது.

"எல்லாம் அதிலேயே அடக்கம்" என்பது செல்லுமா?

ஓவர்டைமையும் சேர்த்து ஒரே மாதத் தொகையாகப் பேசிக்கொள்வதைச் சட்டம் நேரடியாகத் தடுக்கவில்லை. ஆனால் அப்படிப் பேசிய தொகை, பிரித்துப் பார்க்கும்போது சட்டக் கணக்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 32,000 வர வேண்டிய இடத்தில் 32,000 பேசி "எல்லாம் அடக்கம்" என்றால் அது உண்மையிலேயே அடக்கம். 18,000 பேசிவிட்டு அதே சொல்லைச் சொன்னால், அது தொழிலாளி தன் உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்குவது ஆகிறது. அப்படி விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் சொன்னது. அதன் இடத்துக்கு வந்த ஊதியத் தொகுப்பும் 60ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. வேலையில் சேரும்போது போட்ட கையெழுத்து, "எனக்கு முழுத் திருப்தி" என்று எழுதிக் கொடுத்த தாள், எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது.

அடக்கம் என்று சொல்லப்படும் தொகை உண்மையா என்று அறிய மூன்று இடங்களில் பார்க்கலாம்.

1. சம்பள ரசீதில் ஓவர்டைமுக்குத் தனி வரி இருக்கிறதா, அதில் மணி நேரம் எழுதியிருக்கிறதா? தொகை மட்டும் இருந்து நேரம் இல்லையென்றால் அது ரசீதைச் சரிக்கட்டப் போட்ட எண் என்று சந்தேகிக்க இடமுண்டு.

2. அந்த வரிக்குப் பதிலாக "இதரப் படி", "சலவைப் படி", "வருகைப் படி" என்ற பெயரில் ஒரு பெரிய தொகை இருக்கிறதா? ஓவர்டைமை இப்படி வேறு பெயரில் மறைப்பதும், அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டுவதும் பெரும்பாலும் ஒன்றாகவே நடக்கின்றன.

3. ரசீதில் காட்டிய வேலை நாட்கள் எத்தனை? 30 நாள் நின்றவருக்கு 26 நாள் என்று போட்டிருந்தால் நான்கு நாள் வேலையே காகிதத்தில் இல்லை.

ஒரே பணத்துக்கு இரண்டு பெயர்

என்னைப் பொறுத்தவரை இந்த ஏற்பாட்டில் மிகவும் கொடுமையான பகுதி இதுதான். வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எஃப், பிடிக்கும்போது ஓவர்டைம் படி கணக்கில் சேராது. பி.எஃப் சட்டமே அதை அடிப்படை ஊதியத்திலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. எனவே 18,000இல் 8,000ஐ மட்டும் அடிப்படைச் சம்பளமாகக் காட்டிவிட்டு, மீதியில் ஒரு பகுதியை ஓவர்டைம் என்று எழுதினால், அந்தப் பகுதிக்கு முதலாளி 12 சதவீதம் செலுத்த வேண்டியதில்லை. அதே காவலாளி ஓவர்டைம் கேட்டால், "உன் சம்பளமே 18,000, அதில் தனியாக ஓவர்டைம் எது?" என்ற பதில் வருகிறது. பி.எஃப் கணக்கில் அந்தப் பணம் ஓவர்டைம். ஓவர்டைம் கணக்கில் அதே பணம் சம்பளம். இரண்டு பக்கமும் இழப்பவர் ஒருவரே.

இதன் விளைவு பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். நாளுக்கு 12 மணி நேரம் வாசலில் நின்றவரின் பி.எஃப் கணக்கில் எட்டு மணி நேரத்துக்கும் குறைவான சம்பளத்தின் பங்குதான் ஏறியிருக்கும். பணிக்கொடையும் போனஸும் அந்தக் குறைந்த எண்ணை வைத்தே வரும். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் மட்டும் பழைய சட்டத்தில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே பங்களிப்பைக் கணக்கிடும்போது ஓவர்டைமும் ஊதியமாகவே சேர்ந்தது. ஆனால் இ.எஸ்.ஐ.க்குத் தகுதியான 21,000 ரூபாய் மாத ஊதிய வரம்பைத் தாண்டிவிட்டாரா என்று பார்க்கும்போது அதைச் சேர்க்கவில்லை. எனவே ஓவர்டைமை முழுதாகக் கொடுத்தால் இ.எஸ்.ஐ. போய்விடும் என்று பயமுறுத்துவதில் உண்மை இல்லை.

புதிய ஊதியத் தொகுப்பு இதில் ஓரளவு கை வைத்திருக்கிறது. வீட்டு வாடகைப் படி, பயணப் படி, ஓவர்டைம் போன்ற விலக்குகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மிஞ்சும் பகுதி ஊதியமாகவே கருதப்படும். மேலே சொன்ன ரசீதில் 8,000 போக 10,000 விலக்கு. பாதி என்பது 9,000. ஆகவே 1,000 ரூபாய் ஊதியத்துக்குள் திரும்பி வருகிறது. மாற்றம் சிறியதுதான். 8,000 என்ற அடிப்படை, குறைந்தபட்ச ஊதியத்தைவிடக் குறைவாக இருப்பதுதான் முதலில் சரிசெய்யப்பட வேண்டிய குற்றம்.

"உட்கார்ந்துதானே இருக்கிறார்?"

ஏஜென்சிகளும் சில குடியிருப்போர் சங்கங்களும் சொல்லும் வாதங்கள் இரண்டு.

முதலாவது, சாப்பாட்டு இடைவேளை. 12 மணி நேரத்தில் ஒரு மணி நேரம் ஓய்வு, ஆகவே வேலை 11 மணி நேரம்தான் என்பார்கள். உண்மையான இடைவேளை என்றால் வாதம் சரி. அப்போது டியூட்டிக்கு 500 + 375 = 875 ரூபாய். 26 நாளுக்கு 22,750, ஓய்வு நாட்களில் 11 × 125 × 4 = 5,500, மொத்தம் 28,250. அப்போதும் 18,000 எட்டவில்லை. ஆனால் உண்மையான இடைவேளை என்பது இடத்தை விட்டு நகர முடிவது, அந்த நேரத்தில் வேறொருவர் வாசலைப் பார்த்துக்கொள்வது. ஒற்றை ஆள் நிற்கும் இடத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் கேட்டைத் திறப்பவருக்கு இடைவேளை கிடைத்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? ரிலீவர் யார் என்று கேளுங்கள். பெயர் வராவிட்டால் இடைவேளையும் இல்லை.

இரண்டாவது, வேலையின் தன்மை. இரவில் யாரும் வருவதில்லை, பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருப்பதுதானே என்பது. விட்டு விட்டு நடக்கும் வேலைக்கு வேறு நேர அளவு வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஒரு வேலை அப்படிப்பட்டது என்று அறிவிக்க வேண்டியது அரசு. ஏஜென்சியோ சங்கச் செயலாளரோ தாமாக முடிவு செய்துகொள்ள முடியாது. தவிர, காவலாளிக்குச் சம்பளம் தருவதே அவர் விழித்திருப்பதற்காகத்தான். இரவு இரண்டு மணிக்குக் கண் அயர்ந்த காவலாளியைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு அபராதம் விதிக்கும் அதே நிர்வாகம், அந்த நேரத்தை வேலை நேரம் இல்லை என்று சொல்வது பொருந்தாது.

வரம்பை மீறிய நேரத்துக்குச் சம்பளம் கேட்க முடியுமா?

சட்டம் நாளுக்கு 10 மணி நேரம்தான் அனுமதிக்கிறது. 11ஆவது, 12ஆவது மணி நேரமே சட்டவிரோதம். அப்படியிருக்க அதற்குக் கூலி கேட்க முடியுமா என்று பலர் தயங்குகிறார்கள். கேட்கலாம். உச்சவரம்பு என்பது வேலை வாங்குபவரைக் கட்டுப்படுத்த வைத்தது. அதை மீறியவர், தான் மீறியதையே காரணம் காட்டிக் கூலியிலிருந்து தப்பிக்க முடியாது. வேலை செய்யப்பட்டுவிட்டால் ஓவர்டைம் விகிதம் அந்த மணி நேரங்களுக்கும் பொருந்தும். மீறியதற்கான நடவடிக்கை தனி.

தொழிலாளியின் சம்மதத்துக்கும் ஒரு எல்லை உண்டு. 8இலிருந்து 10 வரை செல்ல அவர் சம்மதிக்கலாம். 10ஐத் தாண்டுவதற்கு அவர் சம்மதித்தாலும் அது விதிமீறல்தான்.

பின் ஏன் இந்த முறை நீடிக்கிறது?

ஒரு வாசலை இரவும் பகலும் 30 நாள் காக்க 720 மணி நேரம் வேண்டும். அதை நிரப்ப மூன்று வழிகள். ஒவ்வொன்றுக்கும் கூலிச் செலவு மட்டும் பார்ப்போம்.

1. நடைமுறையில் இருப்பது: இரண்டு பேர், தலா 12 மணி நேரம், தலா 18,000. மொத்தம் 36,000 ரூபாய்.

2. அதே 12 மணி நேர ஷிப்ட், ஓவர்டைமை ஒழுங்காகக் கொடுத்து, வார ஓய்வுக்கு ரிலீவர் வைத்து: 60 டியூட்டி × 1,000 = 60,000 ரூபாய்.

3. எட்டு மணி நேரம் வீதம் மூன்று ஷிப்ட், வார ஓய்வுடன்: 90 டியூட்டி × 500 = 45,000 ரூபாய். ஒருவர் மாதம் 26 டியூட்டி பார்ப்பதால் மூன்றரைப் பேர் தேவை. அதாவது மூன்று பேரும், பக்கத்து வாசலோடு பகிர்ந்துகொள்ளும் ஒரு ரிலீவரும்.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் விஷயம் புரியும். சட்டப்படி கூலி கொடுத்தால் 12 மணி நேர ஷிப்டை விட 8 மணி நேர ஷிப்ட் மாதம் 15,000 ரூபாய் மலிவு. கூடுதல் ஆட்களுக்கு, நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் உட்பட 13 சதவீதம் பி.எஃப் செலவைச் சேர்த்தாலும் வித்தியாசம் சுமார் 2,000 ரூபாய்தான் குறையும். கணக்குத் தெரிந்த எந்த நிர்வாகமும் சட்டப்படியான 12 மணி நேர ஷிப்டைத் தேர்ந்தெடுக்காது. இரட்டைக் கூலி என்ற விதியின் நோக்கமும் அதுவே: நீண்ட நேர வேலையை விலை உயர்ந்ததாக்கி, இன்னொரு ஆளை வேலைக்கு வைக்கத் தூண்டுவது. வாசல்தோறும் 12 மணி நேர டியூட்டி நடக்கிறது என்றால், பெரும்பாலான இடங்களில் அந்த இரட்டைக் கூலி கொடுக்கப்படவில்லை என்பதற்கு அந்த ஷிப்டே அத்தாட்சி. ஆள் பற்றாக்குறை, பயண வசதி, "அவர்களுக்கே அதுதான் பிடித்திருக்கிறது" என்று சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகின்றன.

ஒப்பந்தப்புள்ளியைப் பார்த்தும் இதைக் கண்டுபிடிக்கலாம். ஏஜென்சி கொடுக்கும் விலையை 12 மணி நேர டியூட்டி ஒன்றுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். பி.எஃப், இ.எஸ்.ஐ., போனஸ், ஏஜென்சியின் கட்டணம் அனைத்தும் சேர்ந்த அந்த விலை, குறைந்தபட்ச ஊதியத்தின் இரண்டு நாள் கூலியைக்கூட எட்டவில்லை என்றால், ஓவர்டைம் கொடுப்பதற்கு அந்த ஒப்பந்தத்தில் பணமே இல்லை. கையெழுத்துப் போடும் சங்கத் தலைவருக்கும் மனிதவள அதிகாரிக்கும் அது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

யார் பொறுப்பு, எங்கே கேட்பது?

கூலி கொடுக்க வேண்டிய முதல் கடமை ஏஜென்சிக்கு. அது கொடுக்காவிட்டால் வேலை வாங்கிய நிறுவனத்தின் உரிமையாளர் பொறுப்பேற்க வேண்டும் என்று ஊதியத் தொகுப்பு சொல்கிறது. தொழிற்சாலை, மருத்துவமனை, அலுவலக வளாகம் என்றால் இது தெளிவாகப் பொருந்தும். குடியிருப்போர் சங்கம் என்றால் அது நிறுவனமா என்ற வாதத்துக்கு இடம் இருக்கிறது. ஏஜென்சிக்கு இன்னொரு பிடியும் உண்டு. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் ஒழுங்குமுறைச் சட்டம், குறைந்தபட்ச ஊதியச் சட்டம் உள்ளிட்ட தொழிலாளர் சட்டங்களை மீறுவதை உரிமத்தை ரத்து செய்வதற்கான காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. உரிமம் இல்லாத ஏஜென்சி வாசலில் ஆள் நிறுத்தவே முடியாது என்பதால் இது வெறும் அபராதத்தைவிடப் பலமான பிடி.

நிலுவையைக் கேட்டு மனு கொடுப்பது தொழிலாளர் துறையில். தொழிலாளி தாமே கொடுக்கலாம். தொழிற்சங்கம் அவருக்காகக் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டியிருந்தது; இப்போது மூன்று ஆண்டு. நிலுவையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு இடம் இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஊதியத் தொகுப்பின் 59ஆம் பிரிவு: கூலி கொடுக்கப்படவில்லை என்று தொழிலாளி சொன்னால், கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது.

ஆனாலும் எத்தனை மணி நேரம் நின்றார் என்பதைக் காட்ட ஏதாவது கையில் இருந்தால் நல்லது. ஏஜென்சியின் வருகைப் பதிவேடு பெரும்பாலும் அலுவலகத்தில் எழுதப்படுவது. அதில் எட்டு மணி நேரம்தான் இருக்கும். உண்மையான நேரம் வேறு இடங்களில் பதிவாகிக்கொண்டே இருக்கிறது. பொறுப்பை ஒப்படைக்கும் நோட்டில் காலை 8, இரவு 8 என்று இருவர் கையெழுத்து இருக்கும். பார்வையாளர் பதிவேட்டில் காலை 8.10க்கு வந்த பால்காரரின் பெயரும் இரவு 7.40க்கு வந்த கூரியர்காரரின் பெயரும் ஒரே கையெழுத்தில் இருக்கும். டியூட்டி தொடங்கும்போதும் முடியும்போதும் சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பச் சொல்லும் படங்களில் நேரம் தானாகவே பதிந்திருக்கும். அந்தப் படங்களையும் நோட்டின் பக்கங்களையும் வேலையில் இருக்கும்போதே போனில் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். வேலையை விட்ட மறுநாளே குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். நோட்டும் கைக்கு எட்டாது.

எட்டு மணி நேரத்துக்கு மாறினால் காவலாளிக்கு என்ன ஆகும்?

இந்தக் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. 12 மணி நேரத்தை எட்டாகக் குறைத்து 13,000 கொடுத்தால் சட்டம் நிறைவேறும். ஆனால் 18,000 வாங்கிக்கொண்டிருந்தவரின் வீட்டில் மாதம் 5,000 ரூபாய் குறையும். ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்து ஏஜென்சி கொடுத்த அறையில் தங்கி ஊருக்குப் பணம் அனுப்புபவருக்கும், கடன் அடைத்துக்கொண்டிருக்கும் உள்ளூர்க்காரருக்கும் அந்தக் குறைவு தாங்க முடியாதது. எட்டு மணி நேரம் முடித்துவிட்டு அடுத்த தெருவில் இன்னொரு ஏஜென்சியின் டபுள் டியூட்டிக்குப் போய் நிற்பார். காவலாளிகளே 12 மணி நேரத்தைக் கேட்கிறார்கள் என்பதன் பொருள் இதுதான்.

எனவே மாற்றம் என்றால் நேரத்தைக் குறைப்பதோடு கையில் வரும் தொகையைக் காப்பாற்றுவதும் சேர்ந்து நடக்க வேண்டும். அதற்கான செலவையும் போட்டுப் பார்க்கலாம். 26 டியூட்டிக்கு 18,000 என்றால் எட்டு மணி நேர டியூட்டிக்குச் சுமார் 692 ரூபாய். மாதம் 90 டியூட்டிக்கு ஏறத்தாழ 62,300 ரூபாய். இப்போது கொடுக்கும் 36,000ஐவிட 26,300 அதிகம். 60 வீடுகள் உள்ள குடியிருப்பு என்றால், பி.எஃப், இ.எஸ்.ஐ. போன்ற சுமைகளுக்கு முன், வீட்டுக்கு மாதம் 440 ரூபாய்க்குள் பராமரிப்புக் கட்டணம் ஏறும். மூன்று பேருக்கு எட்டு மணி நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு, இப்போதைய அதே 18,000 ரூபாய். அடுத்த பொதுக்குழுவில் ஏஜென்சி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது சங்கம் முன்வைத்துப் பேச வேண்டிய எண் இந்த 440.